எந்த வரியிலும் இல்லாத தங்கம்

உலகத் தங்கத்தின் வரத்தும் தேவையும் பற்றிய அறிக்கை மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரும். காலாண்டு முடிந்து ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து இணையத்தில் போடுவார்கள். பூந்தமல்லியில் நான் வேலை பார்க்கும் நகைக்கடையில் அதற்காகக் காத்திருப்பவன் நான் ஒருவன்தான்.

படிப்பு ஒன்பதாம் வகுப்போடு நின்றது. லாரியில் கிளீனர், திருமழிசையில் லேத் பட்டறை, நூம்பலில் கட்டிக்கொண்டிருந்த வீடுகளுக்குக் காவல் என்று மாறிக்கொண்டே இருந்தேன். ஓரிடத்தில் ஒரு வருஷம் ஆனால் கால் அரிக்க ஆரம்பித்துவிடும். நடுவில் அம்பத்தூரில் ஒரு கமாடிட்டி தரகர் அலுவலகத்தில் வாட்ச்மேனாக இருந்தேன். அங்கே குப்பையில் போடும் அச்சுத் தாள்களை எடுத்து வைத்துப் படிப்பேன். சம்பளம் தாமதமாகும் மாதங்களில் சாப்பாடு ஒரு வேளைதான். அட்டவணை படித்தால் பசி மறக்கும் என்று சொல்லமாட்டேன். தூக்கம் வராது, அவ்வளவுதான். அந்தப் பழக்கம் போகவில்லை. ஆங்கிலத்தில் ஒரு பத்தி கொடுத்தால் திணறுவேன், அட்டவணை என்றால் விரல் தானாகப் போகும்.

மேல் பாதி வரத்து. சுரங்கத்திலிருந்து வந்தது, சுரங்க நிறுவனங்கள் முன்கூட்டி விற்றதில் ஏற்ற இறக்கம், மறுசுழற்சியில் வந்தது. கீழ்ப் பாதி தேவை. நகை, மின்னணுப் பொருள்கள், தங்கக் கட்டியும் நாணயமும், தங்க ஃபண்டுகள், மத்திய வங்கிகள். எல்லாம் டன்னில். கடைசியில் ‘சந்தைக்கு வெளியே நடப்பவையும் மற்றவையும்’ என்று ஒரு வரி இருக்கும். இரண்டு பாதியின் கூட்டுத்தொகையும் எப்போதும் ஒன்றாகவே வரும். அதைப் பார்த்து மயங்கக் கூடாது. கணக்கில் பிடிபடாத மிச்சத்தை அந்தக் கடைசி வரியில் போட்டுத்தான் சமன் செய்கிறார்கள். ஓரத்தில் இருக்கும் சதவீதம் போன வருஷத்தின் இதே காலாண்டோடு ஒப்பிட்டது. போன காலாண்டோடு ஒப்பிட்டால் தீபாவளி முடிந்ததும் உலகமே நகை வாங்குவதை நிறுத்திவிட்டதாகத் தோன்றும். எடை குறைந்தால் வியாபாரம் படுத்துவிட்டது என்றும் அர்த்தமில்லை. விலை ஏறினால் எடை இறங்கும், செலவான பணம் கூடும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியும் என்ற நினைப்புதான் என்னைக் கவிழ்த்தது.

முதலாளிக்கு மூன்று கடைகள். பெரும்பாலும் ஆவடிக் கடையில் இருப்பார். நான் பூந்தமல்லியிலிருந்து பாரிமுனைப் பக்கம் போய்க் கட்டித் தங்கம் எடுத்து வருவது, பட்டறைக்குக் கொடுப்பது, காலையில் மூன்று கடைக்கும் விலை அனுப்புவது என்று இருந்தேன். தங்கம் விலை ஏற ஆரம்பித்தபோது, சனங்கள் பழைய நகையைக் காசாக்க ஓடி வருவார்கள் என்று பூந்தமல்லிக் கடையில் தனிக் கவுன்ட்டர் போட்டார். சோதிக்கும் மெஷின், சின்ன உருக்கும் அடுப்பு, கண்ணாடித் தடுப்பு. அதற்கு ஒரு பெண்ணை வேலைக்கு வைத்தார். பருத்திப்பட்டிலிருந்து வருவாள். கணவன் வேலை பார்த்த யூனிட்டை மூடிவிட்டதால் அவள் சம்பளத்தில்தான் வீடு. பேச்சில் சுளீர், கையில் நிதானம். நகையைச் சுரண்டி, மெஷினில் வைத்து, உருக்கி, மறுபடி வைத்துத் தரம் சொல்வாள். கொண்டு வந்தவர்கள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் பார்க்கலாம்.

அந்தக் காலாண்டு அறிக்கை வந்த அன்று முதலாளி பூந்தமல்லிக்கு வந்திருந்தார். பழைய தங்கம் எப்படி என்று கேட்டார். போனை நீட்டினேன். விலை அவ்வளவு ஏறியும் மறுசுழற்சி வரி பெரிதாக நகரவில்லை. சனங்கள் விற்கவில்லை, வைத்திருக்கிறார்கள் என்றேன். நகை வரியைக் காட்டி, எடை இறங்கியிருக்கிறது, மதிப்பு ஏறியிருக்கிறது என்று விளக்கினேன். கூட இருந்த ஆவடிக் கடை மேனேஜரிடம் முதலாளி திரும்பி, “ஒம்பதாவது படிச்சவன் எப்டி சொல்றான் பாரு” என்றார். முதுகு நிமிர்ந்துபோயிற்று எனக்கு.

பிறகு மாதக் கணக்கைப் பார்த்தார். பழைய நகைக் கவுன்ட்டர் காசு கொடுத்து வாங்கியது மிகக் குறைவு. உலகத்திலும் இல்லை, இங்கேயும் இல்லை என்று சொல்லி, மாதக் கடைசியில் கவுன்ட்டரை எடுத்துவிடலாம் என்றார். யாராவது மாற்ற வந்தால் கடைத் தெருவில் இருக்கும் டச் கடைக்கு அனுப்பித் தரம் பார்த்துக்கொள்ளலாம். நான் தலையாட்டினேன். என் அட்டவணைதானே.

மறுநாள் கரையான்சாவடியில் பஸ் நின்று நின்று போனது. எனக்கு ஒன்று இடித்துக்கொண்டே இருந்தது. அவள் கவுன்ட்டர் முன்னால் தினமும் ஆள் நிற்கிறது. அடுப்பு ஆறுவதே இல்லை. பிறகு எப்படிக் கணக்கில் வாங்கியது குறைவு? அறிக்கையை மறுபடி திறந்தேன். அட்டவணைக்குப் பின்னால் கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் ஒவ்வொரு வரிக்கும் விளக்கம் இருக்கும். இத்தனை வருஷத்தில் அந்தப் பக்கத்தை நான் படித்ததே இல்லை. ஒவ்வொரு வார்த்தையாகப் போனில் தட்டி அர்த்தம் பார்த்தேன். மறுசுழற்சி என்றால் காசுக்கு விற்ற பழைய தங்கம் மட்டும். கடையில் பழையதைக் கொடுத்துப் புதியது எடுத்தால் அது அந்த வரியில் சேராது. நகை வரிக்குப் போனேன். பழைய நகையை மாற்றி வாங்கிய புது நகை அங்கேயும் சேராது.

மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. எங்கள் கடையிலும் அதே கதைதான் என்று அப்போதுதான் உறைத்தது. மாற்ற வருபவர்களின் நகையை அவள்தான் சோதித்து உருக்குகிறாள். ஆனால் பில் போடுவது விற்பனைக் கவுன்ட்டர். மொத்தமும் அங்கே விற்பனையாக ஏறிவிடும். அவள் கவுன்ட்டர் பேரில் ஏறுவது காசு கொடுத்து வாங்கியது மட்டும். விலை எகிறிய காலத்தில் எங்கள் பக்கம் யார் தங்கத்தை விற்றுக் காசு வாங்குகிறார்கள்? கல்யாணத்துக்குப் புதியது எடுக்க முடியாமல் அம்மா வளையலைக் கொண்டு வந்து மகளுக்கு ஆரமாக்குகிறார்கள். அதுதான் வியாபாரம்.

அன்றே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மூன்று கடைக்கும் இனிமேல் நீயே மார்க்கெட் நிலவரம் சொல்லு என்று முதலாளி சொல்லியிருந்தார். நாற்காலியும் மேஜையும் கிடைக்கும் என்ற பேச்சும் இருந்தது. இத்தனை வருஷத்தில் எந்த வேலையிலும் எனக்கென்று நாற்காலி இருந்ததில்லை. அடுத்த இரண்டு நாளும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். மதியம் அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து என் பக்கமும் தள்ளும் நேரமாகப் பார்த்து வெளியே டீக்கடைக்குப் போய் நின்றேன்.

அதற்கடுத்த நாள் அவளே டீக்கடைக்கு வந்துவிட்டாள். மாதக் கடைசியோடு வரவேண்டாம் என்று எங்கள் கடை மேனேஜர் சொல்லிவிட்டாராம். அவள் அழவில்லை. வாடகைக்கு என்ன வழி, எந்தக் கடையில் டச் பார்க்க ஆள் தேவைப்படும் என்று பேசினாள்.

“பத்து எடத்துல வேல பாத்தவுரு நீங்க. எங்கனா ஆள் கேட்டா சொல்லுங்க அண்ணாத்தே.”

டீயைக் கீழே வைத்தேன். முழுவதையும் சொன்னேன். அட்டவணை, நான் காட்டிய வரி, பொடி எழுத்து, மூன்று நாளாக மூடி வைத்த வாய். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“அந்த டேபிள்ல நான் எந்த வரில கீறேன்?”

“எதுலயும் இல்லம்மா.”

“இல்லாதவள எப்டி மாமே தூக்குனீங்க?”

அண்ணாத்தே மாமேயாகியிருந்தது.

“என்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? அவுருகிட்ட சொல்லுங்க,” என்று சொல்லிவிட்டு டீக்குக் காசு வைத்துவிட்டுப் போனாள். எனக்கும் சேர்த்து.

மதியமே ஆவடி பஸ் ஏறினேன். முதலாளி முன்னால் போனைத் திறந்து வைத்து, முதலில் கடைசிப் பக்கத்தைக் காட்டினேன். நான் காட்டிய வரி நம் வியாபாரமே இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. எப்போது தெரிந்தது என்று கேட்டார். மூன்று நாள் முன்னால் என்றேன். அவர் முகம் மாறியது, ஆனாலும் பேச விட்டார்.

டச் கடைக்கு அனுப்பும் யோசனையையும் சொன்னேன். தாலியைக் கழற்றிக் கொடுக்கிறவர்கள் அதைக் கண்ணை விட்டு அகல விடமாட்டார்கள். நம் கண்ணாடிக்கு முன்னால் உருகுவதைப் பார்ப்பதால்தான் வருகிறார்கள். வெளியே அனுப்பினால் நகையோடு அவர்களும் வேறு கடைக்குப் போய்விடுவார்கள்.

அவர் பூந்தமல்லிக்குப் போன் போட்டு, அந்த மாதத்து விற்பனை பில்களைப் புரட்டும்படி அங்கிருந்த மேனேஜரிடம் சொன்னார். பழைய தங்கம் கழித்த பில்லைத் தனியாக எடுத்து வை என்றார். ஸ்பீக்கரில் தாள் புரளும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் மேனேஜர், “மொதலாளி, கழிக்காத பில்ல எடுத்து வச்சா சீக்கிரம் முடியும்,” என்றார்.

முதலாளி போனை வைத்தார்.

“கவுன்ட்டர் இருக்கட்டும்,” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “தப்பா படிச்சதுக்குக் கோவம் இல்ல. மூணு நாள் வச்சிருந்த பாரு,” என்று நிறுத்தினார்.

அந்த மாதத்திலிருந்து மாற்று நகையின் எடை அவள் கவுன்ட்டர் பேரிலும் ஏறுகிறது. மார்க்கெட் நிலவரம் சொல்லும் பேச்சை முதலாளி மறுபடி எடுக்கவில்லை. நாற்காலியும் வரவில்லை. அது எனக்கு நியாயமாகவே பட்டது. என்னிடம் அவள் பழையபடி பேசுகிறாள், அண்ணாத்தே என்றுதான் கூப்பிடுகிறாள். சாப்பாட்டு டப்பாவை மட்டும் முன்போல என் பக்கம் தள்ளுவதில்லை. நானும் எதிர்பார்ப்பதில்லை.

இந்தக் கடையில் சேர்ந்து ஒரு வருஷம் தாண்டிவிட்டது, கால் அரிக்கிறது. ஆனாலும் கிளம்பவில்லை. என்னால் போக இருந்தவள் இருக்கும்போது நான் மட்டும் சுலபமாகக் கிளம்பிப் போவது சரியாகப் படவில்லை.

அடுத்த அறிக்கை வந்த அன்று, அடுப்பில் யாருடைய கம்மலோ உருகிக்கொண்டிருந்தது. நான் கடைசிப் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டிருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, இடுக்கியைப் பிடித்தபடியே கேட்டாள்.

“இந்த தபாவாச்சும் கீறனா?”

“இல்ல,” என்றேன்.

நகை கொண்டுவந்த அம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் மட்டும் சிரித்துக்கொண்டே, தங்கம் உருகிய மண் குகையைச் சாய்த்து ஊற்றினாள்.