ஒன்பதாவது திரையை எடுத்துவிட்டேன்

கள்ளக்குறிச்சியில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை எனக்கு. புதிதாகச் சேர்ந்தவர்கள் செல்போனிலேயே தாமாகப் படித்துக்கொள்ளும்படி, கற்றல் நோக்கம், அதாவது பாடம் முடிந்ததும் மாணவர் என்ன செய்து காட்டுவார் என்பதை, எழுதுவது பற்றி ஒரு சின்னப் பாடம் வேண்டும், அதற்கு ஸ்டோரிபோர்டு போட்டுக் கொடு என்றார்கள். பன்னிரண்டு திரை. ஒவ்வொன்றுக்கும் என்ன தெரிய வேண்டும், குரல் என்ன சொல்ல வேண்டும், படிப்பவர் என்ன செய்ய வேண்டும், செய்ததும் என்ன பதில் வர வேண்டும் என்று கட்டம் கட்டி எழுதினேன்.

எழுதும்போது என் மனதில் ஒரே ஒருத்திதான் இருந்தாள். மணலூர்பேட்டைப் பக்கம் கரும்பு வெட்டப் போகும் குடும்பத்துப் பெண். வெள்ளிமலைக்கு மேலே ஒரு பள்ளியில் தற்காலிக ஆசிரியை. வருடக் கடைசியில் தலைமையாசிரியர் பரிந்துரைத்தால்தான் அடுத்த வருடம் வேலை. அவரோ இவளுடைய பாடக்குறிப்பில் நோக்கத்தை மட்டும் வாராவாரம் சிவப்பில் சுழித்துக்கொண்டிருந்தார்.

"நானும் எழுதிக்கினேதான் இருக்கறேன் மேடம், அவரும் சுழிச்சிக்கினேதான் இருக்காரு. இன்னா தப்புன்னு சொன்னாதானே தெரியும்?" என்றாள்.

திரைகளைத் தாளில் வரைந்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறி, அவளிடமே சோதித்துப் பார்த்தேன். எட்டுத் திரையைச் சட்டென்று முடித்துவிட்டாள். ஒன்பதாவதில் நின்றாள். அதில் மட்டும் தேர்ந்தெடுக்க ஒன்றும் இல்லை. நாளைய பாடத்துக்கு நீங்களே ஒரு நோக்கம் எழுதுங்கள் என்று வெறும் பெட்டி. 'மாணவர் கழித்தலைப் புரிந்துகொள்வர்' என்று எழுதினாள்.

"புரிஞ்சுதுன்னு உனக்கு எப்படிம்மா தெரியும்? எதைப் பாத்துச் சொல்லுவ?" என்று கேட்டேன்.

முகம் சுருங்கிவிட்டது. அடித்தாள், எழுதினாள், மறுபடி அடித்தாள். மூன்றாம் தடவை வந்தது: 'கடன் வாங்கிக் கழிக்கும் பத்துக் கணக்குகளைக் கொடுத்தால், மாணவர் எட்டையாவது சரியாகச் செய்வர்.' எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்! அதையே ஸ்டோரிபோர்டில் மாதிரியாக வைத்துக்கொள்கிறேன் என்றேன். "பாட்டு, அறிவியல் எல்லாத்துக்கும் இந்தப் பொட்டியில எழுதி எழுதிப் பழகிக்கோ. எழுதினதும் எங்க திருத்தணும்னு அதுவே கேள்வி கேக்கும்" என்று வாக்கும் கொடுத்துவிட்டு இறங்கினேன்.

சரிபார்க்கும் கூட்டத்தில் ஒன்பதாவது திரையில் கை வைத்தார்கள். எழுதுவதை யார் திருத்துவது? மதிப்பெண் எப்படி விழும்? நான்கு விடை கொடுத்து ஒன்றைத் தொடச் சொல்லுங்கள் என்றார்கள். சரியான நோக்கத்தை அடையாளம் காண்பது வேறு, எழுதுவது வேறு என்று கத்தினேன். பாடத்தின் முதல் திரையில் 'முடிவில் நீங்களே நோக்கம் எழுதுவீர்கள்' என்று போட்டிருக்கிறதே, அதற்கு என்ன செய்வது என்றேன். அதை 'புரிந்துகொள்வீர்கள்' என்று மாற்றிவிடுங்கள் மேடம் என்றார் ஒருவர், சிரிக்காமல். அட கடவுளே! எதை எழுதக் கூடாது என்று பாடம் நடத்துகிறோமோ அதையே பாடத்தின் தலையில் எழுதச் சொல்கிறார்.

எழுந்து வந்திருக்க வேண்டும். வரவில்லை. எனக்கும் களைத்துப் போயிருந்தது. எடுத்துவிட்டு, மாற்றிவிட்டு, கையெழுத்தும் போட்டேன். அவளுக்கு ஒரு போன்கூடப் பண்ணவில்லை. வெட்கம்தான்.

வருடக் கடைசியில் பள்ளிப் பார்வைக்காக வெள்ளிமலை போனேன். அவள் வகுப்பு முடியும் வரை காத்திருந்தேன். வந்ததும் செல்போனை நீட்டினாள். என் பாடத்தின் சான்றிதழ். நூற்றுக்கு நூறு.

"நாலு வாட்டி பண்ணேங்க மேடம். நாலு வாட்டியும் ஃபுல் மார்க். நீங்க சொன்ன பொட்டி மட்டும் எங்கியும் காணோம்."

பிறகு பாடக்குறிப்பு நோட்டைக் கொடுத்தாள். கணக்குக்கு எழுதியிருந்தது சரி. தமிழுக்கு: 'பத்துப் பாடல்களைக் கொடுத்தால் எட்டையாவது சரியாகப் பாடுவர்.' அந்தப் பாடத்தில் இருப்பதே ஒரு பாட்டுதான். அறிவியலுக்குப் பத்துச் செடியில் எட்டு. ஆத்திசூடிக்கும் பத்தில் எட்டு. பக்கத்துக்குப் பக்கம் அவளுடைய அந்த ஒரே வாக்கியம், ஆளை மாற்றி, சட்டையை மாற்றாமல். எல்லாவற்றையும் சுற்றிச் சிவப்பு.

"எச்.எம். எழுதிட்டாருங்க, அடுத்த வருசத்துக்கு நான் வேணான்னு. மத்தியான பஸ்லயே தபால் கீழ பூட்ச்சி."

அவள் அழவில்லை. கோபப்பட்டிருந்தாலாவது எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். நோட்டைத் திருப்பி, கடைசிப் பக்கத்தில் பேனாவால் ஒரு பெட்டி வரைந்து என் முன்னால் வைத்தாள்.

"இனிமே ஒண்ணும் ஆவப்போறதில்ல, தெரியும். இருந்தாலும் அந்தப் பாட்டுக்கு இன்னா எழுதணும்னு மட்டும் கேள்வி கேளுங்க மேடம். நான் எழுதறேன்."