கரண்டியில் கரைய வேண்டிய குளிசை

அக்கா யாழ்ப்பாணத்திலிருந்து திரும்பிய மறுநாள் நான் அவள் குடியேறியிருக்கும் ஓஸ்டர்முண்டிகனில், அவளுடைய வீட்டில் இருந்தேன். அத்தான் ஆஸ்பத்திரித் துப்புரவு வேலைக்குப் போய்விட்டார். அக்காவின் ஒன்றரை வயது மகனுக்கு விமானம் ஏறுவதற்கு முதல்நாளே வயிற்றோட்டம் தொடங்கியிருந்தது. அங்கே ஒரு டாக்குத்தர் உப்புக் கரைசல் பக்கற்றுகளும் சிங்க் குளிசைகளும் கொடுத்தனுப்பியிருந்தார்.

வயிற்றால் போவதைவிட, அவன் குடிக்க மறுத்ததுதான் பயமாக இருந்தது. கோப்பையைக் கண்டாலே உதட்டை இறுக்கினான். நாக்கு காய்ந்திருந்தது. அழுதால் கண்ணீர் வரவில்லை. குழந்தை வைத்தியரின் கிளினிக்கான பிராக்ஸிஸுக்குப் போன் எடுத்தேன். ஒரு மணித்தியாலத்தில் கொண்டுவரச் சொன்னார்கள். அதுவரை கரண்டி கரண்டியாகக் கொடுத்துப் பார்க்கட்டாம், குடிக்காவிட்டால் சேலைன் ஏற்ற ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டி வருமாம்.

"நேற்று விமானத்திலை நல்லாக் குடிச்சவன். இண்டைக்குத்தான் துப்புறான்," என்றாள் அக்கா.

"இண்டைக்கு என்ன மாத்தினாய்?"

"ஒண்டும் இல்லையடி. அதே பக்கற், ஒரு லீற்றர், கொதிச்சாறின தண்ணி. குளிசையையும் அதுக்குள்ளை போட்டன். ரெண்டும் கரைக்கிறதுதானே? கரண்டியிலை குடுத்தா முழுக்கத் தட்டி விடுறான்."

கரைசல் ஜக்கிலிருந்து ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். உப்புக்கும் இனிப்புக்கும் பின்னால் இரும்பைச் சப்பியது போன்ற ஒரு கசப்பு நின்றது.

குளிசைப் பெட்டியைத் தேடி எடுத்தேன். 'ஒரு தேக்கரண்டி நீரில் கரைத்து, முழுவதையும் உடனே கொடுக்கவும். நாளொன்றுக்கு ஒரு தடவை.' சத்தமாக வாசித்தேன்.

"நீ போட்ட குளிசை இந்த ஜக் முழுக்கப் பரவிக் கிடக்கு. ரெண்டு மிடறு குடிச்சவனுக்கு எவ்வளவு போயிருக்கும்? அந்தக் கசப்பிலை கரைசலையும் வெறுத்திட்டான்."

அக்கா ஜக்கைத் தொட்டிக்குள் கவிழ்த்தாள்.

புதிதாக ஒரு லீற்றர் கரைத்தோம், உப்புப் பக்கற் மட்டும். முதல் கரண்டியை அவன் துப்பினான். இரண்டாவதை நாக்கில் வைத்திருந்தான். மூன்றாவதற்குத் தானே வாயைத் திறந்தான். வாந்தி வராமல் இருக்க, கொஞ்சம் பொறுத்துப் பொறுத்துக் கொடுத்தோம். பிறகு குளிசையைக் கரண்டித் தண்ணீரில் போட்டேன்; சற்றே நுரைத்து, மாவாய் உடைந்தது. அவன் முகம் சுளித்து விழுங்கினான். உடனே மேலே கரைசலைக் கொடுத்தாள் அக்கா.

"இவளவு வாசிக்கிறாய், ஒரு சோறு வடிக்கத் தெரியாது," என்றாள். அன்று அவள் சொன்ன ஒரே பகிடி. சொன்னவளே சிரிக்கவில்லை.

பிராக்ஸிஸின் கட்டிலில் அவனுடைய பம்பஸைக் கழற்றியபோது சிறுநீரால் கனத்திருந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளி, அது உடனே படிவதைப் பார்த்த வைத்தியர், "குடிக்கிறான், சேலைன் வேண்டாம்," என்றார். குளிசைப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இங்கே வழக்கமாக இதைக் கொடுப்பதில்லையாம். தொடங்கியதை நிறுத்தாமல் முடிக்கச் சொன்னார்.

சில நாளில் வயிற்றோட்டம் நின்றது. அக்கா போன் எடுத்தாள்.

"நிண்டிட்டுது. ஆனா வயிற்றோட்டம் நிண்டாலும் குளிசையை மொத்தம் பத்து நாளாவது குடுக்கச் சொல்லிப் பெட்டியிலை இருக்கு. குடுக்கிறன்."

அவள் பின்னால் கரண்டி கிண்ணத்தில் தட்டுப்படும் சத்தம் கேட்டது; அதன் மேல், கண்ணீரோடு, அவனுடைய முழு அழுகை.