மோடத்தைத் துடைத்த கதை

கோவில்பட்டி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் என் வீட்டுக்காரர் பிரவுசிங் சென்டர் வைத்தார். மாதாமாதம் பில்லுக்கு அலைய வேண்டாம் என்று பிராட்பேண்டுக்கு ஒரு வருஷத்துக்கும் முன்பணம் கட்டினார். பணம் என்னுடையது. தையல் மெஷின் வாங்க நான் சீட்டுப் போட்டு எடுத்தது. ஐந்தே மாதத்தில் கடையை மூடினார். இணைப்பைத் துண்டிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார். மிச்ச முன்பணம் திரும்பி வந்தால்தான் எனக்கு மெஷின்.

மோடத்தைத் திருப்பிக் கொடுத்த ரசீது இருந்தால்தான் கணக்கை முடிப்பார்கள் என்றது டெலிபோன் ஆபீஸ். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் மோடத்தின் மேல் அப்படியே இருந்தன. பொட்டோடு ஒரு பொருளை வெளியே கொடுத்தால் கூடவே லட்சுமியும் போய்விடுவாள் என்பது எங்கள் மாமியார் வீட்டு வழக்கம். இவர் ஈரத்துணியால் மேலும் கீழும் அழுத்தித் துடைத்தார். பாத்திரம் ஒன்றைக் கூட அவ்வளவு அக்கறையாய்த் துடைத்ததில்லை.

இருவருமாக ஆபீசுக்குப் போனோம். கவுண்டரில் இருந்தவர் மோடத்தைக் கவிழ்த்துப் பார்த்தார். அடியில் வெறும் பசைதான் இருந்தது.

"சீரியல் நம்பர் ஸ்டிக்கர் எங்க அண்ணாச்சி? அது இல்லாம இது நாங்க குடுத்ததுதான்னு எப்படித் தெரியும்? வேற மோடம்னா எங்க மோடத்தோட விலையை முன்பணத்துல பிடிச்சிருவாக."

"லெச்சுமி போயிரக் கூடாதுன்னு துடைச்சேன் சார்."

"லெச்சுமி போகல, நம்பர்லா போயிட்டு!"

எனக்கு வந்த கோபத்தில் இவரை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். ஊசியையும் நூல்கண்டையும் எடுக்கப் போனால், நான் அவற்றைப் போட்டு வைத்திருந்ததே மோடம் வந்த அட்டைப் பெட்டி. பக்கவாட்டில் அதே கம்பெனி ஸ்டிக்கர், நம்பரோடு. பொத்தான்களைத் தரையில் கொட்டிவிட்டு ஓடினேன்.

கவுண்டர்காரர் பதிவேட்டில் விரலை வைத்து ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிட்டார். சரியாக இருந்தது. மோடத்தைச் சொருகி விளக்கு எரிகிறதா என்று பார்த்து ரசீது போட்டார். "அக்கா வரலைன்னா அண்ணாச்சி பாடு திண்டாட்டம்தான்" என்றார். இவர் பெருமையாகத் தலையாட்டினார், ஏதோ அவரே என்னை அனுப்பி வைத்தது போல.

ஐந்து மாத வாடகையைக் கழித்துக்கொண்டு, இரண்டு மாதம் கழித்து மிச்சத்துக்குச் செக் வந்தது. அவர் பெயருக்கு வந்ததால் அவர் கணக்கில் போட்டு எடுத்து, முழுவதையும் என் கையில் கொடுத்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"இனிமே யாருக்காவது மொத்தமா முன்பணம் கெட்டுவீங்களா?"

"கெட்ட மாட்டேன் தாயி."

அன்று சாயங்காலமே மெஷின் கடைக்குப் போனோம். நான் கேட்ட மெஷின் வர மூன்று வாரம் ஆகுமாம். இப்போதே முழுப் பணமும் கட்டினால் ஸ்டூல் இலவசம் என்றார் கடைக்காரர். யோசிக்காமல் கட்டிவிட்டு ரசீதோடு திரும்பினேன்.

கடைவாசலில் இவர் சைக்கிள் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி, கண்ணில் நீர் வரும்வரை சிரித்துக்கொண்டிருந்தார்.