கடகாமுகத்துக்குப் பட்ட பாடு

எரிச்சல் வந்தால் கிருபாபாய் அக்கா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைப்பார். ராஜபாளையத்தில் நாங்கள் வேலை செய்யும் பிளக்ஸ் கடையில் அவர் டிசைனர். நான் பேனர்களுக்கு ஓரம் மடித்து ஒட்டுகிறவள். பல வருடமாக இதைப் பார்த்துவருகிறேன்.

அன்று காலையிலிருந்தே துடைத்துக்கொண்டிருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் நாட்டிய டீச்சர், சலங்கை பூஜை பேனருக்கு மாலை தொடுக்கும் பாவனையில் ஒரு நடனப்பெண் படம் கேட்டிருந்தார். எழுதிக் கேட்டால் படம் தரும் ஏஐயிடம் அக்கா, மாலை தொடுப்பதைக் காட்டும் கைக்குரிய பெயரான "கடகாமுக முத்திரை" என்று எழுதினார். அது கும்பிடு போட்ட கையைத் தந்தது. அடுத்த படத்தில் ஆறு விரல்.

படத்தைப் பார்த்த டீச்சர் போனில் கத்தினார். "என் பிள்ளைகளே சிரிக்கும்ங்க! சாயங்காலத்துக்குள்ள சரியா வரலைன்னா படமே வேண்டாம்."

"செத்த நேரம் பொறுங்க டீச்சர். எந்த விரல் எங்க இருக்கணும், அதைச் சொல்லுங்க" என்றார் அக்கா.

டீச்சர் சொல்லச் சொல்ல அக்கா எழுதினார். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் நுனிகள் சேர்ந்திருக்கும்; மற்ற இரண்டும் உயர்ந்து நிற்கும். விரல்கள் சரியாக வந்தன. ஆனால் மார்பின் சரிகையோடு கைகள் கலந்து மறைந்துவிட்டன.

"ஏட்டி, இது யாரு கண்ணுக்குத் தெரியும்?" என்று அக்கா என்னிடம் சீறினார்.

கைகள் உடம்பை விட்டுத் தள்ளி, சரிகையில்லாத பச்சை ரவிக்கை, பின்னால் கருந்திரை, முழங்கால்கள் வெளிப்பக்கம் மடங்கிய அரைமண்டி, நடுவே ஆடையின் விசிறி மடிப்பு, ஓரத்தில் ஒற்றைக் குத்துவிளக்கு என்று எழுதினார். முதலில் விளக்கு தோளில் முளைத்தது. பொழுது சாயும்போதுதான் டீச்சர் சரி என்றார்.

இப்போது அக்கா முத்திரையின் பெயரை எழுதுவதில்லை. விரல் விரலாகவே எழுதுகிறார். அப்படியும் முதல் படம் உருப்படியாக வருவதில்லை.