நீலத்தின் கடைசிக் கட்டம்

மச்சானும் நானும் புத்தளத்தில் ஒரு போன் கேம் செய்தோம். களப்பை, அதுதான் ஊர்க் கடலேரியை, கட்டம் கட்டமாகப் பிரித்த வரைபடம். தன் முறை வரும்போது ஒவ்வொரு வீரனுக்கும் ஆறு புள்ளி. மணலில் ஒரு கட்டம் நகர ஒன்று, சேற்றில் இரண்டு, சுடுவதற்கு மூன்று. மிஞ்சுவது அடுத்த முறைக்கு வராது. வீரனைத் தொட்டால் அவன் போகக்கூடிய கட்டங்களெல்லாம் நீலமாகும்.

போய்நின்ற பிறகும் சுடமுடிகிற கட்டங்களுக்கு வேறு நிறம் வேண்டும் என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன்.

"ஒரு கலர் போதும் மச்சான். பாக்க வடிவா இருக்கு" என்றான் அவன்.

பணம் போட வந்த கொழும்புக்காரரை ஆலங்குடா ஹோட்டலில் சந்தித்தோம். மச்சானே விளையாடிக் காட்டினான். வீரனை நீலத்தின் கடைசிக் கட்டம்வரை, எதிரியின் மூக்குக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான். சுடும் பொத்தான் வேலை செய்யவில்லை. அடுத்தது எதிரியின் முறை, வீரன் செத்தான்.

"கோட் எழுதினது இவன்தான் சேர். எங்கயோ பிழை விட்டுட்டான்."

என் கணக்கில் ஒரு புள்ளி பிசகவில்லை. ஆறையும் நடந்தே தின்றவன் எதைக்கொண்டு சுடுவான்? சொன்னேன். கொழும்புக்காரர் மச்சானைப் பார்த்துத்தான் தலையாட்டினார்.

போன மாதம் கேம் வெளிவந்தது. இறக்கிப் பார்த்தேன். நின்று சுடமுடிகிற கட்டங்கள் பச்சை, மற்றவை நீலம். செய்தவர் என்ற இடத்தில் மச்சானின் பெயர் மட்டும்.