ஈயம் உடைத்த டின்கள்

கீரைக்கட்டைக்கூடப் பிரித்துப் பார்க்காமல் நான் காசு கொடுத்ததில்லை. அந்தக் குணம்தான் ஒரு மழைக்காலத்தில் என் தொழிலைக் கவிழ்க்கப் பார்த்தது.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் இருக்கும். நாகர்கோவிலில் வீட்டுப் பின்கட்டில் தலைத்தைலமும் சோப்பும் காய்ச்சி விற்றேன். எல்லாம் தேங்காயெண்ணெயை நம்பிய பிழைப்பு. வெயில் காலத்தில் கொப்பரை நன்றாகக் காயும், எண்ணெய் மலிவு. மழை பிடித்தால் கொப்பரை காயாது, விலை ஏறிவிடும். ஆனால் சீசாவுக்குக் காலணா கூட்டினாலும் கடைக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். முந்தின வருஷத்து ஆடி மழையில் ஏறின விலைக்கு வாங்கிக் காய்ச்சி, விறகுக் காசுகூட மிஞ்சவில்லை. இன்னொரு ஆடி அப்படிப் போனால் அடுப்பை அணைக்க வேண்டியதுதான்.

சித்திரையில் செக்குக்கார அண்ணாச்சி சொன்னார்: “தங்கச்சி, இப்பமே ஆறு டின்னு எடுத்து வெச்சிரு. மழ வந்தா வெல நிக்காது.”

உடனே சந்தேகம் வந்தது. பழைய எண்ணெயைத் தள்ளிவிடப் பார்க்கிறாரோ? இருந்தும் வளையலை அடகு வைத்து வாங்கினேன். மூடிகளை ஈயம் பற்றவைத்து அடைத்துத் தந்தார். அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை. எதை மறைக்க இந்த அடைப்பு?

வீட்டுக்கு வந்ததும் ஈயத்தை உடைத்தேன். அன்றாடம் பாத்திரம் கழுவிய கையோடு கரண்டியை விட்டு எடுத்து மோந்து பார்ப்பேன். ஆறாவது டின் மட்டும் தைலத்துக்கு வாங்கி வைத்த செம்பருத்திப்பூச் சாக்குகளுக்கு அடியில் மாட்டிக்கொண்டதால் தப்பியது.

ஆனி முடிவதற்குள் ஐந்து டின்னும் சிக்கு வாடை அடித்துக் காறிப்போயின. எனக்கு உள்ளூர ஒரு திருப்திகூட இருந்தது, நினைத்தது சரிதானே என்று. ஒரு செம்பில் எண்ணெயை எடுத்துக்கொண்டு செக்குக்குப் போனேன்.

“அண்ணாச்சி, எந்தக் காலத்து எண்ணெய எனக்குத் தந்திய?”

மோந்து பார்த்தார். கோபப்படவில்லை.

“எத்தன மட்டம் தொறந்த?”

“தெனமும்தான்.”

“கை ஈரமாட்டுதான் இருந்திருக்கும். தண்ணி பட்டா எண்ணெ காறாம என்ன செய்யும்? தொறக்காத டின்னு உண்டுமா?”

வீட்டுக்கு ஓடி வந்து சாக்குகளைத் தள்ளி ஆறாவதை உடைத்தேன். அன்றைக்கு ஆட்டியதுபோல மணத்தது. எனக்கு நின்ற இடத்திலேயே அழுகை வந்துவிட்டது.

மறுநாள் தலையைக் குனிந்துகொண்டு போனேன். “காறினத சோப்புக்குப் போடு, துணி தொவைக்க ஆவும்” என்றவர், உள்ளேயிருந்து நாலு டின்னைக் கொண்டுவந்து வைத்தார். எல்லாம் ஈயம் அடைத்தவை.

“சித்திரையில ஆட்டினது. அந்த வெலயே தந்தா போதும்.”

“எனக்காட்டா எடுத்து வெச்சிய?”

“பின்ன? நீ தொறந்து பாப்பேன்னு எனக்கு அப்பமே ஒரு சந்தேகம்.”

அந்த ஆடியில் அடுப்பு அணையவில்லை. நாலு டின்னையும் ஒவ்வொன்றாகத்தான் உடைத்தேன், அதுவும் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு. ஆனாலும் கடைசி டின் தீரும்வரை, அவர் ஏன் விலையைக் கூட்டவில்லை என்று யோசித்துக்கொண்டேதான் இருந்தேன்.