வேலை நடக்காத நாட்களின் பணிக்குறிப்பு

இன்டர்ன்ஷிப்புக்கு எனக்குக் கிடைத்தது குற்றாலத்தில் பாதி எழும்பி நின்ற ஒரு லாட்ஜ். கூடப் படித்த சிவில் பிள்ளைகளில் பலர் சென்னை, கோயம்புத்தூர் என்று கிளம்பிப் போனார்கள். வெளியூரில் ஒரு மாதம் தங்க எங்கள் வீட்டில் சம்மதம் இல்லை. இலஞ்சியிலிருந்து பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் போய்விடலாம் என்று, அப்பா தனக்குத் தெரிந்த லாட்ஜ் முதலாளியிடம் பேசி இந்த இடத்தை வாங்கித் தந்தார்.

அங்கே எனக்கு மேற்பார்வையாளர் சைட் இன்ஜினியர். புளியங்குடிக்காரர், முப்பது வயசுக்குள்தான் இருக்கும். அதிகம் பேச மாட்டார். கல்லூரியில் கொடுத்த பணிக்குறிப்பேட்டில் தினமும் வந்த நேரம், போன நேரம், செய்த வேலை, கற்றுக்கொண்டது எல்லாம் நான் எழுத வேண்டும். வாரக் கடைசியில் அவர் வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். மாதம் முடிந்ததும் அதைப் பின்னால் சேர்த்து ஒரு அறிக்கை எழுதி, பைண்ட் பண்ணிக் கொண்டுபோனால் கல்லூரியில் நேர்முகத் தேர்வு. இதுதான் ஏற்பாடு.

முதல் வாரம் நன்றாகப் போனது. இரண்டாவது மாடித் தளத்துக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். கம்பி பலகையில் ஒட்டாமல் இருக்க இடையே கவர் பிளாக் கட்டைகளைச் சரியாக வைத்திருக்கிறார்களா, கம்பிகளுக்கு நடுவே இடைவெளி படத்தில் உள்ளபடி இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். பார்த்தேன். எழுதினேன். சனிக்கிழமை ஒவ்வொரு வரியாக வாசித்துக் கையெழுத்துப் போட்டார். "காங்கிரீட் போட்டதைப் பார்வையிட்டேன்" என்று நான் எழுதியிருந்த ஒரு வரியை மட்டும் அடித்தார்.

"இன்னும் போடலைலா. போட்ட பெறவு எழுது."

அந்தக் காங்கிரீட் போடப்படவே இல்லை. அடுத்த வாரம் போனபோது கேட்டில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அனுமதி வாங்கிய வரைபடத்துக்கு மாறாகக் கட்டியிருப்பதால் வேலையை நிறுத்தி வைக்க உத்தரவு. கம்பி கட்டுகிறவர்கள் சாமானைச் சாக்கில் கட்டிக்கொண்டு வேறு சைட்டுக்குப் போய்விட்டார்கள்.

அதன்பிறகு நானும் அவரும் தகர ஷெட்டில் உட்கார்ந்திருந்தோம். வெளியே சாரல். அருவிக்குப் போகிற கார்கள் வரிசையாக நிற்கும். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நடந்து போகிறவர்கள் நின்று நோட்டீஸை வாசிப்பார்கள். வாசித்துவிட்டு ஷெட்டுக்குள் எங்களைப் பார்ப்பார்கள். அவர் உடனே போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார். எதிர்ப்பக்கம் யாரும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

நான் குறிப்பேட்டில் "சைட்டில் வேலை இல்லை" என்று எழுதினேன். மறுநாளும் அதையே எழுதினேன். அந்தச் சனிக்கிழமை அவரிடம் நீட்டவே எனக்குக் கூச்சமாக இருந்தது. சாப்பிட ஒன்றும் இல்லாத வீட்டில் போய் இலை போட்டு உட்கார்ந்த மாதிரி. அவர் எல்லாவற்றுக்கும் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு, "ஒனக்கும் வீணாப் போவுது," என்றார்.

கல்லூரியில் இன்டர்ன்ஷிப்பைக் கவனிக்கிற மேடத்துக்கு போன் பண்ணினேன்.

"வேலை இல்லைன்னு எழுதின நாளையெல்லாம் நாங்க கணக்குல எடுக்க முடியாதும்மா. டாஸ்க்னு ஒண்ணு இருக்கணும், லேர்னிங்னு ஒண்ணு இருக்கணும். பூச்சு வேலை, டைல்ஸ்னு எல்லாரும் எழுதற மாதிரி எழுதிக்கோ. சார்கிட்ட கையெழுத்து வாங்கிடு, போதும்."

இதை நான் அவரிடம் அப்படியே சொன்னேன். சரி, எழுதிக்கோ என்று சொல்லிவிடுவார் என்ற ஆசையில்தான் சொன்னேன். அவர் அளக்கிற டேப்பை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"நாளைக்கு ஒரு பேட் கொண்டா. பென்சில் கொண்டா. அளப்போம்."

"எதை சார்?"

"இந்தக் கட்டடத்தத்தான்."

மறுநாள் அனுமதி வாங்கிய வரைபடத்தின் நகலை மேசைமேல் விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்தார். கட்டியிருப்பதைக் கட்டியிருக்கிறபடியே அளந்து படம் போட வேண்டும். பிறகு அனுமதிப் படத்தோடு ஒப்பிட வேண்டும். ஒரு சிவில் மாணவிக்கு அதைவிட நல்ல வேலை கிடைக்காது. அதை எனக்குத் தர அவர் என்ன கொடுக்க வேண்டியிருந்தது என்பது டேப்பைப் பிடித்த பிறகுதான் புரிந்தது.

வடக்குப் பக்கம் காம்பவுண்ட் சுவரில் டேப்பின் நுனியை அவர் பிடித்துக்கொண்டார். கட்டடச் சுவரோரம் நின்று, நடுவே விட்டிருந்த காலி இடத்தின் அளவை நான் வாசித்தேன்.

"எவ்வளவு?"

"ஒன்னு இருபது, சார்."

"பிளான்ல?"

"ரெண்டு மீட்டர்."

"எழுது."

மேற்குப் பக்கமும் அப்படித்தான். பின்பக்கம் இன்னும் மோசம். அனுமதியில் இல்லாத ஒரு பால்கனி காலி இடத்தின் மேல் நீட்டிக்கொண்டிருந்தது. மூன்றாவது பக்கத்தில் அவர் "பிளான்ல?" என்று கேட்பதை விட்டுவிட்டார். நான் அளவைச் சொன்னால் டேப்பையே பார்த்துக்கொண்டு நிற்பார். நான் குரலைத் தாழ்த்தி வாசிக்க ஆரம்பித்தேன். காதில் விழாமல், "என்னது, சத்தமாச் சொல்லு," என்பார். திரும்பவும் சொல்ல வேண்டும். ஒருவர் செய்த தப்பை அவர் காதிலேயே சத்தமாக வாசிக்கிற வேலை. மழைக்கோட்டுக்குள் எனக்கு வேர்த்தது.

அறைகளின் குறுக்கு மூலைகளையும் அளந்து சதுரமாக இருக்கிறதா என்று பார்த்தோம். வீட்டில் லேப்டாப்பில் படம் வரைந்தேன். அனுமதித்த அளவு, கட்டிய அளவு, வித்தியாசம் என்று மூன்று கட்டம் போட்ட அட்டவணை ஒன்றைக் குறிப்பேட்டிலும் கையால் எழுதினேன். அறிக்கையிலும் சேர்த்தேன். "கற்றுக்கொண்டது" என்ற கட்டத்தில் என்ன எழுத என்று தெரியவில்லை. அவரிடமே கேட்டேன்.

"அனுமதிப் படத்தோட ஒப்பிட்டுப் பாக்கக் கத்துக்கிட்டேன்னு எழுது. அதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம்."

"சார், இதுக்குக் கீழ நீங்க கையெழுத்துப் போடணுமே."

"நான்தான அளந்தேன். அளந்ததுக்குப் போடுதேன்." டேப்பைச் சுற்றிக்கொண்டே சொன்னார், "கட்டும்போதும் நான்தான் இருந்தேன். நீ கேக்கல. ஆனா நெனச்சிருப்ப."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். நினைத்திருந்தேன்.

"கொஞ்சம் தள்ளிக் கட்டுனா ரூமுக்கு ஒரு கட்டில் கூடப் போடலாம்னாவ மொதலாளி. கூடாதுன்னு ரெண்டு தடவ சொன்னேன். மூணாவது தடவ சொல்லல."

அவ்வளவுதான் அவர் தன் தரப்பில் சொன்னது.

கடைசி நாளில் என் இன்டர்ன்ஷிப் சான்றிதழுக்கு சீல் வைக்க முதலாளி வந்திருந்தார். அவரை எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். அறிக்கையைப் புரட்டிக்கொண்டே வந்தவர் அட்டவணை இருந்த பக்கத்தில் நின்றார்.

"இது என்ன வே, நம்ம குத்தத்த நாமளே எழுதி ஊருக்குக் குடுக்கீரு?"

"காலேஜுக்குத்தான் அண்ணாச்சி," என்றார் இன்ஜினியர்.

"நோட்டீஸ் ஒட்டுனவனும் காலேஜ்ல படிச்சவன்தான் வே."

என்னிடம் திரும்பி நல்லவிதமாகவே சொன்னார். "இந்தத் தாள எடுத்துரும்மா. ஒங்கப்பா கேட்டாருன்னுதான் சேத்தேன். எனக்கு நல்லது செய்யாட்டாலும் கெட்டது செய்யக் கூடாதுலா."

நான் இன்ஜினியரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். பைண்ட் பண்ணாத தாள்கள்தான். அந்த ஒன்றை உருவிக் கொடுத்தேன். அண்ணாச்சி அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சான்றிதழில் சீல் வைத்தார். கையால் எழுதிய குறிப்பேட்டை அவர் திறந்து பார்க்கவில்லை. அவர் கார் ஏறிப் போனபின் இன்ஜினியர் அதை எடுத்து, அட்டவணைக்குக் கீழே முழுப் பெயரும் பதவியும் எழுதிக் கையெழுத்துப் போட்டு என்னிடம் தந்தார். அது வேண்டாம், எடுத்துவிடலாம் என்று அவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

நேர்முகத் தேர்வுக்கு வேறு கல்லூரியிலிருந்து ஒருவர் வந்திருந்தார். மேடமும் பக்கத்தில் இருந்தார். என்னோடு இன்னும் ஏழெட்டுப் பேர் பின்னால் பெஞ்சில் காத்திருந்தார்கள். தேர்வாளர் அறிக்கையை வேகமாகத் தள்ளிக்கொண்டு வந்து, குறிப்பேட்டில் நின்றார். எல்லார் அறிக்கையிலும் பூச்சு வேலையும் டைல்ஸும் வாசித்துச் சலித்திருப்பார். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இது நல்லாருக்கே. அளந்தது நீதானா?"

எப்படி அளந்தோம், எங்கிருந்து எதுவரை, குறுக்கு மூலை எதற்கு என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் சொன்னேன்.

"கீழ கையெழுத்து யாரோடது?"

"சைட் இன்ஜினியர், சார்."

"கட்டினது?"

"அவர்தான், சார்."

அறையில் சிரிப்பு எழுந்தது. மேடமும் சிரித்தார். "அப்போ தன் தப்புக்குத் தானே அட்டெஸ்ட் பண்ணிருக்கார்," என்றார் தேர்வாளர். "சரி, இவர்கிட்ட நீ என்னதாம்மா கத்துக்கிட்ட?"

அந்த நேரம் எனக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. கூடாது என்று இரண்டு தடவை சொன்னவர் என்று சொல்லியிருக்கலாம். பொய் எழுதச் சொன்னால் எழுதியிருப்பேன், அவர் விடவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் அந்தச் சிரிப்போடு சேர்ந்துகொள்ளத்தான் ஆசைப்பட்டேன்.

"எப்படிக் கட்டக் கூடாதுன்னு கத்துக்கிட்டேன், சார்."

தேர்வாளர் மேசையைத் தட்டிச் சிரித்தார். பின்பெஞ்சில் கைதட்டினார்கள். எங்கள் வகுப்பிலேயே நல்ல மதிப்பெண் எனக்குத்தான்.

அன்று சாயங்காலம் இன்ஜினியர் போன் பண்ணினார்.

"எப்படிம்மா பண்ணுன?"

"நல்லாப் பண்ணேன் சார். அந்த அட்டவணைய ரொம்பப் பாராட்டுனாங்க."

"கையெழுத்தப் பத்தி ஏதும் கேட்டாவளா?"

"இல்ல, சார்."

"கேட்டா எங்கிட்டப் பேசச் சொல்லலாம்னு போனப் பக்கத்துலயே வச்சிருந்தேன். சரி, நல்லா இரு."

போனை வைத்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அம்மா வந்து மார்க்கு குறைஞ்சு போச்சா என்று கேட்டாள்.

அவரை அதன்பிறகு ஒரு தடவைதான் பார்த்தேன். தென்காசியில் ஒரு ஹார்டுவேர் கடையில், வேறு யாருடைய சைட்டுக்கோ பைப் எடுத்துக்கொண்டிருந்தார். லாட்ஜ் வேலையை விட்டு நின்றுவிட்டதாகச் சொன்னார். ஏன் என்று நான் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற மேஸ்திரியிடம் என்னைக் காட்டி, "நம்ம கூட இன்டர்ன்ஷிப் பாத்த பிள்ள. ஒரு இஞ்சு தப்பாது, அப்பிடி அளக்கும்," என்றார்.

மேஸ்திரி என்னைப் பார்த்துச் சிரித்தார். என்னால் திருப்பிச் சிரிக்க முடியவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு, வாங்க வந்ததை வாங்காமலே இறங்கி நடந்தேன்.